மேற்கோளில் தொடங்க வேண்டாம்

பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான நோக்க அறிக்கையை ஐன்ஸ்டைனின் பொன்மொழியோடு தொடங்கினால், படிப்பவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை. அதே வரியை யார் வேண்டுமானாலும் போடலாம். பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பில் இந்த அறிக்கைக்கு இடைவெளியையும் சேர்த்து 4,000 எழுத்துக்குறிகள்தான்; அதில் இரவல் வாக்கியத்துக்கு இடம் கொடுப்பது நஷ்டம். (இணையத்தில் ஐன்ஸ்டைன் பெயரில் சுற்றும் பல பொன்மொழிகளை அவர் சொன்னதே இல்லை என்பது வேறு கதை.)

அதற்குப் பதிலாக, நீங்கள் செய்த ஒரு வேலையின் நடுவிலிருந்து ஆரம்பியுங்கள். கட்டடப் பொறியியலுக்கு என்றால் இப்படி: "நான் செய்த மாதிரிப் பாலம் நடுவில் முறியும் என்று நினைத்தேன், மூட்டில் முறிந்தது. காரணம் தேடித்தான் விசைகளைப் படிக்க ஆரம்பித்தேன்." ஆர்வம், கவனம், அடுத்து என்ன செய்தார் என்பது எல்லாம் இதிலேயே வந்துவிடுகிறது.

தொடக்கம் வரவில்லையா? சரி, இரண்டாவது பத்தியை முதலில் எழுதுங்கள். பெரும்பாலும் அதன் முதல் வரியே தொடக்கமாகிவிடும்.