18 உடன் 4 கூட்டினால் 22 ஆகாது: கடனின் ஏ.பி.ஆரைச் சரிபார்ப்பது எப்படி

திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் என் மச்சான், பெரிய பிரிட்ஜ் ஒன்று வாங்க இரண்டு இலட்சம் ரூபாய் கடன் கேட்டிருந்தார். வந்த கடிதத்தில் வட்டி 18%, புரோசசிங் கட்டணம் 4%, இரண்டையும் சேர்த்துக் கடனின் வருடச் செலவைக் காட்டும் ஏ.பி.ஆர் 22% என்று இருந்தது. மாதத் தவணை 18,336 ரூபாய், 12 மாதம். 18உம் 4உம் 22 தானே, சரியாத்தானே இருக்கு என்றார். அங்கேதான் பிழை.

முதலில் கையில் உண்மையில் எவ்வளவு காசு வருகிறது என்று பாருங்கள். கட்டணம் 8,000 ரூபாயை முதலே பிடித்துக்கொள்வதால் மச்சானுக்கு வருவது 192,000 தான், ஆனால் தவணை இரண்டு இலட்சத்துக்குப் போட்டது.

அடுத்து எக்செல்லிலோ கூகிள் ஷீட்டிலோ இதை அப்படியே தட்டுங்கள்:

```
=RATE(12,-18336,192000)*12
```

தவணைக்கு முன்னால் மைனஸ் கட்டாயம், ஏனென்றால் அது கையை விட்டுப் போகிற காசு. அதை விட்டால் #NUM! என்று வரும். விடை 0.2594, அதாவது ஏறத்தாழ 26%. (0 என்று மட்டும் காட்டினால் கட்டத்தைச் சதவீத வடிவத்துக்கு மாற்றுங்கள்.)

வட்டி 18%, விடை 26%. 4% கட்டணம் எப்படி 8% ஆனது? 8,000 ரூபாய் முழுத் தொகைக்கும் பிடித்தது, ஆனால் மாதாமாதம் முதலைக் கட்டிக்கொண்டு வருவதால் வருடம் முழுக்க சராசரியாக உங்களிடம் இருப்பது ஒரு இலட்சத்துப் பதினோராயிரம் அளவுதான். அந்தத் தொகைக்கு 8,000 என்பது 7 வீதத்துக்கு மேல். மிச்சம், 18% வட்டியையே கைக்கு வராத அந்த 8,000க்கும் சேர்த்துக் கட்டுவதால் வருகிறது.

சூத்திரத்தில் நம்பிக்கை இல்லையென்றால் கையாலும் பார்க்கலாம். 192,000இல் தொடங்கி, ஒவ்வொரு மாதமும் மீதியோடு வட்டி கூட்டி 18,336 கழித்துப் பன்னிரண்டு வரி போடுங்கள். கடிதம் சொன்ன 22% உண்மையென்றால், மாதம் 1.8333% வைத்துக் கடைசி வரி பூச்சியத்துக்குக் கிட்ட வரவேண்டும். ஏறத்தாழ மைனஸ் 4,860 வந்தது, அதாவது அந்த வீதத்துக்குரியதை விடக் கூடக் கட்டுகிறார். 0.2594ஐ 12ஆல் பிரித்து வரும் 2.1615% போட்டால் பூச்சியம்.

ஒன்றைக் கலக்காதீர்கள். கடிதத்தில் ஏ.ஈ.ஆர் என்று இருந்தால் அது வட்டிக்கு வட்டி சேர்த்த கணக்கு, இதே கடனுக்கு 29% தாண்டும். அதை 26 உடன் ஒப்பிட்டு ஏமாற்று என்று சண்டைக்குப் போகக்கூடாது.

அப்புறம், இடையில் முடிக்கிற எண்ணம் இருந்தால் இன்னும் மோசம். ஆறாம் தவணையோடு மீதி 104,464ஐயும் கட்டி முடித்தால், கட்டணம் திரும்பி வராதபட்சத்தில்,

```
=RATE(6,-18336,192000,-104464)*12
```

28.7% அளவு வரும். மச்சான் பொங்கல் வியாபாரத்தில் கடனை முடிக்கலாம் என்று நினைத்திருந்தவர். இந்த எண்ணைப் பார்த்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கப் போய்விட்டார்.