கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் எழுதும்போது ரெஜிஸ்டர்களில் நேரும் தவறுகள்

நாகர்கோவில் பகுதிக் கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் நடத்த நான் பயன்படுத்தும் சிறு கெர்னல் 64 பிட் ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கானது. அதில் இரண்டே டாஸ்க்குகள் உண்டு. ஒவ்வொன்றும் `yield()` என்று தானே அழைத்து மற்றதற்கு இடம் விடும். அந்த மாற்றம் ஒரு சாதாரண ஃபங்ஷன் அழைப்பாகவே நடப்பதால், t, a வரிசை ரெஜிஸ்டர்களில் பின்னர் தேவைப்படும் மதிப்புகளைக் கம்பைலரே முன்கூட்டி ஸ்டேக்கில் எடுத்து வைத்துவிடும். நாம் காக்க வேண்டியவை ra, sp, s0 முதல் s11 வரை, ஆக 14 ரெஜிஸ்டர்கள், 112 பைட்டுகள்.

```
sd ra, 0(a0)
sd sp, 8(a0)
sd s0, 16(a0)
sd s1, 24(a0)
```

இவ்வாறே வெளியேறும் டாஸ்க்கின் சேமிப்பிடமான a0 சுட்டும் இடத்தில் s11 வரை சேமித்து, அடுத்த டாஸ்க்கின் சேமிப்பிடமான a1 சுட்டும் இடத்திலிருந்து அதே வரிசையில் `ld` கொண்டு ஏற்றி, `ret` என்று முடிக்க வேண்டும். t, a ரெஜிஸ்டர்களையும் சேர்த்துச் சேமித்தால் வீண் வேலையே தவிரப் பிழையில்லை. டைமர் குறுக்கிட்டு டாஸ்க்கிடமிருந்து செயலியைப் பறிக்கும் கெர்னலில்தான் அவையும் கட்டாயமாகின்றன.

ஆபத்தானது s வரிசையில் ஒன்றை விட்டுவிடுவதுதான். `-O0` என்று கம்பைல் செய்தால் உள்ளூர் மாறிகள் ஸ்டேக்கிலேயே இருக்கும் என்பதால் s1 விடுபட்டது வெளியே தெரியாது. `-O2` கொடுத்ததும் லூப் எண்ணி ரெஜிஸ்டருக்குப் போய்விடும். ஒரு டாஸ்க் 0 முதலும் மற்றது 100 முதலும் எண்ணுவதாகவும், இரண்டின் எண்ணிகளும் s1-இல் இருப்பதாகவும் கொள்வோம். முதலாவது 0 என்றும், இரண்டாவது 100 என்றும் அச்சிடும். அடுத்து முதலாவது 1 என்று சொல்ல வேண்டிய இடத்தில் 101 என்று சொல்லும், இரண்டாவது 102 என்று தொடரும். இரு டாஸ்க்குகளும் ஒரே எண்ணியைப் பகிர்வதுபோல் திரையில் தோன்றினால், பழியைக் கம்பைலர் மேல் போடாமல் அசெம்பிளி வரிகளை எண்ணிப் பாருங்கள்.

புதிய டாஸ்க்கை முதன்முதலாக ஓட்டுவதற்கு, சேமிப்பிடத்தின் ra-வில் அதன் ஃபங்ஷன் முகவரியையும் sp-யில் ஸ்டேக்கின் உச்சியையும் நாமே எழுதி வைக்கிறோம். ஸ்டேக் கீழ்நோக்கி வளர்வதால், 4096 பைட் அணிக்கு `stack + 4096` என்றே கொடுக்க வேண்டும். வெறும் `stack` என்று கொடுத்தால், முதல் அழைப்பிலேயே அதற்குக் கீழே இருக்கும் நினைவகம், பெரும்பாலும் மற்ற டாஸ்க்கின் ஸ்டேக், அழியத் தொடங்கும். sp 16-ஆல் வகுபட வேண்டும் என்பதும் விதி.

டாஸ்க் ஃபங்ஷன் தன் வேலை முடிந்து திரும்பினால் என்ன நடக்கும்? அதனுள் நுழைந்தபோது ra-வில் இருந்தது அதே ஃபங்ஷனின் முகவரி. முடிவில் வரும் `ret` அங்கேயே தாவ, 1 முதல் 5 வரை அச்சிட வேண்டிய டாஸ்க் மறுபடி 1 என்று ஆரம்பிக்கும். sp பழைய இடத்துக்கே திரும்பிவிடுவதால் ஸ்டேக் நிரம்புவதுமில்லை, கெர்னல் விழுவதுமில்லை. ஆகவே இது நெடுநாள் கண்ணில் படாமல் போகலாம். ra-வில் ஒரு சிறு தொடக்க ஃபங்ஷனின் முகவரியை வைத்து, அது டாஸ்க்கை அழைத்து, திரும்பியதும் "முடிந்தது" என்று குறித்துவிட்டு `yield()` செய்யும்படி எழுத வேண்டும். குறிக்கப்பட்ட டாஸ்க்கை `yield()` மீண்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது.