மேல் மாடிக்கு ஃப்ளஷ் வால்வா, டேங்கா? குழாய் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் தரைத்தளமும் அதற்கு மேல் நான்கு மாடியுமாகப் புது லாட்ஜுகள் எழுகின்றன. பார்க்க நறுவிசாக இருக்கிறது, சுவரில் ஒரு பொத்தான் மட்டும் போதும் என்பதால் எல்லா மாடிக்கும் ஃப்ளஷ் வால்வே போட்டுவிடுகிறார்கள். திறப்பு விழா முடிந்ததும் மேல் மாடி அறைகளிலிருந்து, "அழுத்தினா தண்ணி சும்மா வழியுது, எதுவும் போகல" என்று புகார் வரும். உடனே வால்வை மாற்றுவார்கள். புது வால்வும் அப்படியேதான் வேலை செய்யும், ஏனென்றால் கோளாறு வால்வில் இல்லை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பார்ப்போம். டேங்க் வகையில், கோப்பைக்குப் பின்னால் உள்ள தொட்டி 6 லிட்டர் தண்ணீரை மெல்ல நிரப்பி வைத்துக்கொள்கிறது. அழுத்தியதும் அந்தத் தண்ணீர் மொத்தமாக விழுகிறது. குழாயில் பிரஷர் குறைவாக இருந்தால் தொட்டி நிரம்பத்தான் நேரமாகும், ஃப்ளஷ் பலவீனமாகாது. ஃப்ளஷ் வால்வுக்குச் சேமிப்பு கிடையாது. கோப்பையைக் கழுவ வேண்டிய வேகம் முழுவதும் அந்த நான்கைந்து நொடிக்குள் குழாயிலிருந்தே வர வேண்டும். தொட்டி நிரம்ப நொடிக்கு 0.1 லிட்டர் போதும். வால்வுக்கு நொடிக்கு சுமார் 1.5 லிட்டர் வேண்டும். அதாவது ஒரு ஃப்ளஷ் வால்வு திறக்கும்போது, பதினைந்து டேங்குகள் ஒரே நேரத்தில் நிரம்பும் அளவு தண்ணீரைக் குழாய் கொடுத்தாக வேண்டும்.

படி 1: உயரத்தை அளந்து பிரஷரைக் கண்டுபிடியுங்கள்

மொட்டை மாடித் தொட்டியின் அடிமட்டத்திலிருந்து வால்வு இருக்கும் இடம் வரை செங்குத்தாக அளக்கவும். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் என்று கணக்கு. நிறைந்த தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து அளக்காதீர்கள், தண்ணீர் இறங்க இறங்க அந்தக் கணக்கு பொய்யாகிவிடும்.

மேலே சொன்ன லாட்ஜையே எடுத்துக்கொள்வோம். மாடிக்கு மாடி 3 மீட்டர். தொட்டி, தளத்திலிருந்து 1 மீட்டர் உயரத் திண்டின் மேல் இருக்கிறது. வால்வு, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில். அப்படியானால் நான்காம் மாடிக்கு 3 மீட்டர், அதாவது 0.3 பார்தான். மூன்றாம் மாடிக்கு 0.6, இரண்டாம் மாடிக்கு 0.9, தரைத்தளத்துக்கு 1.5 பார். தொட்டிக்கு மிக அருகில் இருக்கும் மாடிக்குத்தான் பிரஷர் மிகக் குறைவு.

இப்போது வாங்கப்போகும் வால்வின் அட்டையைப் பாருங்கள். குறைந்தபட்சம் எத்தனை பார் வேண்டும் என்று அதில் இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும். இங்கே 0.5 பார் என்று வைத்துக்கொள்வோம். அது தண்ணீர் ஓடும்போது இருக்க வேண்டிய பிரஷர்.

படி 2: குழாய் தின்னும் பிரஷரைக் கழியுங்கள்

தண்ணீர் ஓடும்போது குழாயின் உட்சுவரில் உரசிப் பிரஷரை இழக்கிறது. சிபிவிசி குழாயில் நொடிக்கு 1.5 லிட்டர் ஓடினால், 25 மி.மீ. குழாய் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்தைத் தின்றுவிடும். 32 மி.மீ. என்றால் சுமார் 20 செ.மீ., 40 மி.மீ. என்றால் சுமார் 9 செ.மீ., 50 மி.மீ. என்றால் இரண்டரை செ.மீ.கூட இல்லை. அளவு ஒரு படி ஏறினாலே இழப்பு பாதிக்கும் கீழே போகிறது. அதனால்தான் குழாய் அளவில் மிச்சம் பிடிப்பதை நாங்கள் எப்போதும் எதிர்ப்போம்.

மூன்றாம் மாடிக் கழிவறை வரை எல்போ, டீ எல்லாவற்றையும் சேர்த்து 15 மீட்டர் குழாய் என்று வைப்போம். கையில் இருப்பது 6 மீட்டர் உயரம். 25 மி.மீ. போட்டால் இழப்பே ஏழரை மீட்டர், ஆக அந்த ஓட்டம் கிடைக்கவே கிடைக்காது. 40 மி.மீ. போட்டால் 1.3 மீட்டர் போய் 4.7 மிஞ்சும், அது 0.47 பார், மயிரிழையில் தவறுகிறது. 50 மி.மீ. போட்டால் 5.6 மீட்டர் மிஞ்சும், வால்வு வேலை செய்யும்.

நான்காம் மாடிக்கு எந்த அளவு குழாய் போட்டாலும் பயனில்லை. இருப்பதே 0.3 பார். பெரிய குழாய் பிரஷரை மிச்சப்படுத்தும், புதிதாக உண்டாக்காது.

படி 3: ஒரே நேரத்தில் இரண்டு பேர் அழுத்தினால்?

இந்த ஊரில் இந்தப் படியை விட்டுவிட முடியாது. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் விடியுமுன்பே அக்னி தீர்த்தத்துக்குப் புறப்பட எல்லா அறைகளிலும் ஒன்றாக எழுந்துவிடுவார்கள். ஒரே இறங்கு குழாயில் இரண்டு வால்வுகள் சேர்ந்து திறந்தால் ஓட்டம் இரட்டிப்பாகும், ஆனால் இழப்பு ஏறக்குறைய மூன்றரை மடங்காகும். மூன்றாம் மாடியில் 40 மி.மீ. குழாய் என்றால் மிஞ்சுவது 1.3 மீட்டர்தான். 50 மி.மீ.யிலும் 4.7 மீட்டருக்கு இறங்கிவிடும், மறுபடி 0.5 பாருக்குக் கீழே. சாதாரண நாளில் ஓடிக்கொண்டிருந்த கழிவறை, கூட்ட நாளில் கைவிடுவது இதனால்தான்.

படி 4: மாடிக்கேற்பத் தேர்வு

இந்தக் கட்டடத்துக்கு எங்கள் பரிந்துரை: நான்காம், மூன்றாம் மாடிகளுக்கு டேங்க், அதற்குக் கீழே உள்ள தளங்களுக்கு 50 மி.மீ. இறங்கு குழாயில் ஃப்ளஷ் வால்வு. மேல் மாடி டேங்குக்கு 15 மி.மீ. ஆங்கிள் வால்வு போதும். நிரம்ப ரொம்ப நேரமானால் உள்ளே தண்ணீரை மட்டுப்படுத்தும் சின்ன வில்லை இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் அதைக் கழற்றிவிடலாம்.

மேலேயும் வால்வுதான் வேண்டும் என்றால், அந்த இரு மாடிக்கும் தனிக் குழாயும் பிரஷர் பம்பும் வேண்டும். ஒரு வால்வுக்கே நிமிடத்துக்கு 90 லிட்டர், இரண்டுக்கு 180. வீட்டு ஷவருக்கு வாங்கும் சின்ன பம்புகள் பெரும்பாலும் அந்த அளவு தராது. கரண்ட் போனால் கழிவறையும் நின்றுபோகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பன்னிரண்டு மாடி போன்ற உயரக் கட்டடங்களில் கீழ்த்தளங்களில் இதற்கு நேர்மாறான தொல்லை வரும். 3.5 பாருக்கு மேல் ஏறி, கோப்பையிலிருந்து தண்ணீர் தெறிக்கும், மூடும்போது குழாய் 'டம்' என்று அதிரும். அங்கே நடு மாடியில் பிரஷர் குறைக்கும் வால்வு போட்டு மண்டலம் பிரிப்பார்கள்.

படி 5: பொருத்தும்போது

வால்வுக்கு வரும் கிளைக் குழாய், வால்வின் அளவுக்குக் குறையக் கூடாது. 40 மி.மீ. வால்வுக்கு ரெடியூசர் போட்டுக் கடைசி 2 மீட்டரை 25 மி.மீ.யில் முடித்தால், அங்கேயே ஒரு மீட்டர் உயரம் போய்விடும். சுவரைப் பூசிய பிறகு இது வெளியே தெரியாது, அதனால் பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு அறையிலும் எட்டிப் பாருங்கள்.

வால்வு மாட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அது வரவேண்டிய உயரத்தில் குழாயைத் திறந்துவிட்டு 15 லிட்டர் வாளியில் பிடியுங்கள். பத்து நொடிக்குள் நிரம்பவில்லை என்றால் அந்த இடத்தில் வால்வு மாட்டவே வேண்டாம், மாட்டினால் ஓட்டம் இன்னும் குறையும்.

கடலோரத்தில் ஃப்ளஷுக்கு உப்புக் கிணற்றுத் தண்ணீரைத் தனித் தொட்டியில் ஏற்றுவது நல்ல ஏற்பாடு. ஆனால் இரும்புக் குழாய் கூடாது, துருவேறி உள்ளளவு சுருங்கிக்கொண்டே போகும். அந்தத் தொட்டிக் குழாயையும் குடிநீர்க் குழாயையும் எங்கும் இணைக்காதீர்கள். அந்த உப்பு வால்வுக்குள்ளும் வேலை காட்டும். உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரத்திலோ பிஸ்டனிலோ ஊசிமுனை அளவு துளை ஒன்று உண்டு. அதன் வழியே தண்ணீர் வால்வுக்குள்ளேயே இருக்கும் மேல் அறைக்குப் போய் நிரம்பினால்தான் வால்வு மூடும். உப்போ மணலோ துளையை அடைத்துவிட்டால், அழுத்தியபின் தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் உள்ள ஸ்டாப் வால்வை மூடி, மூடியைக் கழற்றி, அந்தப் பாகத்தை வினிகரில் ஊறவைத்து மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். ஊசியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் வால்வு சீக்கிரமே மூடிக்கொண்டு, பாதி ஃப்ளஷில் நின்றுவிடும்.