குழந்தைக்கு கன்சோலா, மலிவு டெஸ்க்டாப்பா: வாங்குமுன் செய்யும் தவறுகள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய டெஸ்க்டாப் வாங்கிக்கொண்டு, "அண்ணே, பையனுக்கு செட் பண்ணிக் கொடுங்க" என்று வருகிறவர்கள் அதிகம். ஏழெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை, விளையாட்டு மட்டும்தான் வேண்டும் என்றால் நான் கன்சோலைத்தான் சொல்வேன். தயாரிப்பாளர் அனுமதித்த விளையாட்டுகள் மட்டுமே அதில் ஓடும். டெஸ்க்டாப்பில் இறக்கியது எதுவானாலும் ஓடும்.

அப்பாவின் அக்கவுண்டிலேயே பிள்ளையை உட்கார வைப்பது

இன்னும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். கடைக்காரர் விண்டோஸ் போட்டுத் தரும்போது ஒரே அக்கவுண்ட், அதுவும் அட்மின், பாஸ்வேர்ட் கிடையாது. வீட்டில் எல்லோரும் அதிலேயே இருப்பார்கள்.

விவேக்நகரில் ஒரு வீடு. இரண்டாம் வகுப்புப் பையன், 'ஃப்ரீ கேம்' என்று வீடியோவுக்குக் கீழே இருந்த லிங்கைத் தட்டி ஒரு ஃபைலை இறக்கினான். விண்டோஸ் அனுமதி கேட்டது, அவன் Yes அழுத்தினான். அட்மின் அக்கவுண்டில் அந்த ஒரு அழுத்தலே போதும். Standard User என்றால் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டு அங்கேயே நின்றிருக்கும். பிரவுசரில் சேமித்திருந்த அப்பாவின் பாஸ்வேர்டுகள் எல்லாம் போயின. மறுநாள் அவர் மெயிலில் யாரோ நுழைந்திருந்தார்கள். போனிலிருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றி, விண்டோஸைத் துடைத்துப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று.

உங்கள் வீட்டு நிலைமையைக் கமாண்ட் பிராம்ப்டில் பாருங்கள்:

```
net localgroup Administrators
```

பிள்ளை உட்காரும் பெயர் அந்தப் பட்டியலில் வரக் கூடாது. அட்மினுக்குப் பாஸ்வேர்ட் போடுங்கள். பிள்ளைக்கு மைக்ரோசாஃப்டின் குடும்ப வசதியில் தனி அக்கவுண்ட் திறந்து, அதில்தான் உள்ளே நுழையச் சொல்லுங்கள். அப்போதுதான் நேரக் கட்டுப்பாடும் வலைத்தள வடிகட்டலும் வேலை செய்யும். வடிகட்டல் எட்ஜ் பிரவுசரில்தான் செல்லும். மற்ற பிரவுசர்களை அது பெரும்பாலும் தடுத்துவிடும்.

ஆனாலும் ஓட்டை உண்டு. இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் புரோகிராமுக்கு அட்மின் அனுமதி தேவையில்லை, அந்தப் பிள்ளையின் அக்கவுண்டில் இருப்பதை அது தொடலாம். அதனால் உங்கள் மெயிலை அதில் திறக்கவே வேண்டாம்.

கன்சோலில் பொய்யான பிறந்த வருடம்

பெரியவர் வயதைப் போட்டால் சீக்கிரம் முடியும் என்று போட்டுவிடுவார்கள். கன்சோல் அதை நம்பி, குழந்தைக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் அக்கவுண்டைத் திறந்துவிடும். அப்புறம் முன்பின் தெரியாதவர்கள் சாட்டில் வருகிறார்கள் என்று கேட்டுப் பயனில்லை. உண்மையான வயதோடு, பெற்றோரின் குடும்பக் குழுவுக்குள் அக்கவுண்டைத் திறந்து கொடுங்கள்.

கன்சோலில் இணையம் இருக்காது என்று நம்புவது

எக்ஸ்பாக்ஸில் எட்ஜ் இருக்கிறது.

எர்த் இல்லாத பிளக்

டெஸ்க்டாப் கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று பிடிக்கிறதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்றாவது முனையை ஒடித்துச் செருகித் தரும் ஆளிடம் மறுபடி போகாதீர்கள்.