எறும்புச் சாரையின் மீது மருந்தடித்தால் கூடு ஏன் பெருகுகிறது?

சமையலறை மேடையில் எறும்புச் சாரை தென்பட்டதும் பூச்சிமருந்தை எடுத்து அதன் மீது அடிப்பதுதான் பலரும் முதலில் செய்யும் காரியம். ஓரிரு நிமிடங்களில் சாரை ஒடுங்கிவிடுவதால், மருந்து வேலை செய்துவிட்டது என்ற எண்ணமும் உடனே வந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சாரையில் வந்தவை இரை தேடப் புறப்பட்ட வேலைக்கார எறும்புகள் மட்டுமே. அவை கூட்டில் இருப்பவற்றில் ஒரு சிறு பங்குதான். முட்டையிடும் ராணியும், அதன் குஞ்சுகளைப் பராமரிக்கும் எறும்புகளும் சுவருக்குள் மருந்து எட்டாத இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. இறந்தவற்றுக்கு ஈடான எண்ணிக்கையைக் கூடு சில வாரங்களில் மீட்டுக்கொள்ளும் என்பது ஒரு சிக்கல். சில இனங்களில் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு: மருந்துக்குப் பின் ஒரு கூடு பல கூடுகளாகப் பிரிந்துவிடும்.

இப்படிப் பிரிவதில் பேர்போனது ஃபாரோ எறும்பு. சுமார் 2 மில்லிமீட்டர் நீளமும் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமும் சற்றே கருத்த வயிற்று நுனியும் கொண்ட இந்தச் சிற்றெறும்பு, டைல்ஸ் இடுக்கு, சுவர் விரிசல், மின்சுவிட்சுப் பெட்டியின் உட்புறம் என்று கதகதப்பும் ஈரமும் கிடைக்கும் இடங்களில் குடியேறுகிறது. இதன் கூட்டில் ஒரே ஒரு ராணி இருப்பதில்லை. பல ராணிகள் ஒன்றாக வாழ்கின்றன. இனச்சேர்க்கை கூட்டுக்குள்ளேயே நடந்துவிடுவதால், மழைக்காலத்து ஈசலைப் போல வெளியே பறந்து செல்லும் தேவையும் இல்லை. புதிய கூடு வேண்டுமென்றால் சில ராணிகளும் ஒரு தொகுதி வேலைக்கார எறும்புகளும் முட்டைகளையும் புழுக்களையும் வாயில் கவ்விக்கொண்டு வேறோர் இடுக்குக்கு நடந்து போனால் போதும். ராணி ஒன்றுகூட உடன் போகாவிட்டாலும், எடுத்துச் சென்ற குஞ்சுகளிலிருந்து புதிய ராணிகளை வளர்த்துக்கொள்ள அவற்றால் முடியும்.

எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே இப்படிப் பெருகும் இனம் இது. மருந்தடிப்பு அதற்கு ஒரு காரணத்தைக் கூடுதலாகக் கொடுக்கிறது. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான தெளிப்பான்களில் பைரித்ராய்டு வகை நஞ்சு இருக்கிறது. அது தொட்டதும் கொல்வது மட்டுமன்றி, தெளித்த இடத்தை எறும்புகள் நெருங்காதபடி விரட்டவும் செய்கிறது. வழக்கமான பாதை அடைபட்டு, வெளியே போனவை திரும்பாமற்போகும் நிலையில், கூட்டில் இருப்பவை பகுதி பகுதியாகப் பிரிந்து மருந்து படாத திசைகளில் இடம்பெயர்கின்றன. பாத்திரம் கழுவும் தொட்டியின் அருகே ஒரு சாரை மட்டும் இருந்த வீட்டில், மருந்தடித்துச் சில நாட்கள் கழித்து குளியலறையிலும் படுக்கையறைச் சுவரோரத்திலும் புதிய சாரைகள் முளைப்பது இதனால்தான். அவற்றின் மீதும் மருந்தடித்தால் அவையும் பிரியும். மருந்துச் சாக்பீஸால் கோடு கிழிப்பதும் இதே விளைவைத் தரக்கூடும்.

எல்லா எறும்புகளும் இப்படி நடந்துகொள்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ராணியை நம்பியிருக்கும் கட்டெறும்பு இனங்கள் பலவற்றில் கூடு இவ்வாறு பிரிந்து பிழைக்க முடியாது; ராணி செத்தால் கூடும் மெல்ல அழிந்துவிடும். கருத்த தலையும் வெளிறிய வயிறும் கொண்ட, கண்ணுக்கே சரியாகப் புலப்படாத பேய் எறும்போ ஃபாரோ எறும்பைப் போலவே பல ராணிகளோடு வாழ்ந்து பிரிந்து பெருகுவது. வீட்டுக்குள் வரும் எறும்பு 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாத சிறியதாக இருந்தால், பிரியும் இனம் என்று எண்ணியே நடந்துகொள்வது நல்லது.

ராணியை எட்டுவதற்கு எறும்புகளின் உணவுப் பழக்கமே வழிவிடுகிறது. இரை தேடும் எறும்பு தான் குடித்த இனிப்பு நீரில் பெரும்பகுதியைச் செரிக்காமல், வயிற்றுக்கு முன்னால் உள்ள ஒரு பையில் தேக்கி வைத்துக் கூட்டுக்குக் கொண்டுபோகிறது. அங்கே மற்ற எறும்புகளுக்கு வாயோடு வாய் வைத்து ஊட்டுகிறது. அவை அடுத்தவற்றுக்கு ஊட்டுகின்றன. கடைசியில் அது புழுக்களுக்கும் ராணிக்கும் போய்ச் சேர்கிறது. ராணி தானாக வெளியே வந்து உண்பதில்லை என்பதால், அதன் வாய்க்குள் நஞ்சைச் சேர்க்க வேலைக்கார எறும்புகளைத் தவிர வேறு தூதர்கள் இல்லை. தூதர் வழியிலேயே செத்துவிட்டால் செய்தி போய்ச் சேராது. ஆகவேதான் நச்சுத்தீனியில் கலக்கும் நஞ்சு சில நாட்கள் தாமதித்துக் கொல்வதாகவும், எறும்பின் நாவுக்குத் தட்டுப்படாததாகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் தயாரிக்கக்கூடிய எளிய கலவை, சர்க்கரை நீரில் 1 சதவீத போரிக் அமிலம். 5 கிராம் போரிக் அமிலத் தூளையும் 50 கிராம் சர்க்கரையையும் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, மொத்தம் 500 மில்லிலிட்டர் வருமாறு நீர் சேர்த்துக்கொள்ளலாம். தேக்கரண்டிக் கணக்கை நம்பாமல் தராசில் நிறுப்பதே சரி. அதிகம் போட்டால் சீக்கிரம் சாகும் என்று எண்ணித் தூளைக் கூட்டுவதுதான் இங்கே மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அடர்த்தி ஏறினால் எறும்புகள் ஒன்று தீனியைத் தொடாமல் விலகிவிடும், அல்லது கூட்டில் பகிர்வதற்கு முன்பே இறந்துவிடும். தீனியைச் சுற்றிலும் செத்த எறும்புகள் குவிந்து கிடந்தால் கலவை கடுமையாக இருக்கிறது என்று பொருள்.

கலவையில் நனைத்த பஞ்சை ஒரு சிறு மூடியில் வைத்து, சாரையை ஒட்டி, ஆனால் அதை மறிக்காமல் வைக்க வேண்டும். அது குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத இடமாக இருப்பதும், மீதமுள்ள கலவையின் குப்பி மீது ‘நஞ்சு’ என்று எழுதிவைப்பதும் கட்டாயம். பஞ்சில் உள்ள நீர் ஆவியாகும்போது நஞ்சின் அடர்த்தியும் தானாகவே ஏறிவிடுவதால், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை புதுக் கலவை மாற்ற வேண்டும். வைத்த முதல் நாளில் எறும்புகள் முன்னைவிட அதிகமாக வந்து மொய்க்கும். பலர் இதைக் கண்டு பதறி மீண்டும் தெளிப்பானை எடுப்பார்கள். அத்தோடு தீனி வீணாகிவிடும், ஏனெனில் மருந்து பட்ட பாதையில் எறும்புகள் வராது. அந்த நாட்களில் சாரையைத் துடைத்துவிடவும் கூடாது. மேடையில் சிந்திய பாகு, மூடாத சர்க்கரை டப்பா போன்றவற்றை மட்டும் அகற்றினால், எறும்புகளுக்குத் தீனியைத் தவிர வேறு நாட்டம் இருக்காது.

தீனியை எறும்புகள் சட்டையே செய்யாவிட்டால் கலவையில் குறை இருக்க வேண்டும் என்பதில்லை. புழுக்கள் அதிகமாக வளரும் காலத்தில் கூட்டுக்குப் புரதமும் கொழுப்பும் தேவைப்படும். அப்போது எறும்புகள் சர்க்கரை நீரைத் தாண்டிப் போய்விடும். ஓர் அட்டைத் துண்டில் ஒரு துளி தேனும், சற்றுத் தள்ளி ஒரு துளி நிலக்கடலை வெண்ணெயும் வைத்து ஒரு மணி நேரம் கவனித்தால் எதை நாடுகின்றன என்பது தெரிந்துவிடும். அதற்கேற்ற தீனியைத் தேர்ந்துகொள்ளலாம்.

சாரை மறைந்த அன்றே தீனியை எடுத்துவிடுவது கடைசியாக நடக்கும் தவறு. முட்டைகளும் கூட்டுப்புழுக்களும் எதையும் உண்பதில்லை. ஆகையால் நஞ்சு அவற்றைத் தொடுவதில்லை. ஃபாரோ எறும்பின் முட்டை வேலைக்கார எறும்பாக வளர ஐந்து முதல் ஆறு வாரங்கள் ஆகும். பிறகு வெளிவரும் எறும்புகள் உண்பதற்கும் அங்கே அதே தீனி இருக்க வேண்டும் என்பதால், ஒன்றுகூடக் கண்ணில் படாவிட்டாலும் அவ்வளவு காலமும் பஞ்சை மாற்றிக்கொண்டே இருப்பது அவசியம். முன்பே மருந்தடித்துப் பிரிந்துபோன கூடுகள் இருக்கும் வீட்டில், ஒவ்வொரு சாரைக்கும் தனித்தனியே தீனி வைக்க வேண்டியிருக்கும்.