‘ட்ரெய்னி’ என்று எழுதிவிட்டால் சம்பளம் குறையுமா? உதவித்தொகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓரகடம், ஓசூர், அம்பத்தூர் பக்கம் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் கேட்டால், "இப்போ ட்ரெய்னிதான், ஸ்டைபண்டு மட்டும்தான் தர்றாங்க" என்பார்கள். எந்தச் சட்டத்தின்படி ட்ரெய்னி என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. முதல் தவறு இதுதான். அப்ரண்டிஸும் ட்ரெய்னியும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு, கொடுப்பதை வாங்கிக்கொள்வது.

அப்ரண்டிஸ் என்பது 1961-ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டத்தின் கீழ் வருபவர். அவருக்கென்று ஒப்பந்தம் உண்டு, அது அரசின் தளத்தில் (apprenticeshipindia.gov.in அல்லது nats.education.gov.in) பதிவாகும், எந்தத் தொழிலில் எத்தனை மாதம் பயிற்சி என்பதும் அதில் இருக்கும். அவர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அதனால் அவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் கிடையாது, பி.எஃப். கிடையாது, உதவித்தொகைதான். ட்ரெய்னி என்பதோ நிறுவனம் வைத்துக்கொள்ளும் பெயர். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, பயிற்சியில் இருப்பவர்களில் தொழில்பழகுநர் சட்டத்தின்படி எடுக்கப்பட்டவரை மட்டும்தான் ஊழியர் கணக்கிலிருந்து விலக்குகிறது. ஆர்டரில் ‘ட்ரெய்னி’ என்று போட்டுவிட்டு உற்பத்தி லைனில் நிறுத்தி முழு ஷிஃப்ட் வேலை வாங்கினால், குறைந்தபட்ச ஊதியம் கொடுத்தாக வேண்டும்.

பதிவான அப்ரண்டிஸுக்கும் நினைத்த தொகையைக் கொடுக்க முடியாது. 2019 விதிகள் படிப்புக்கு ஏற்ப மாத உதவித்தொகைக்குக் கீழ்வரம்பு வைத்தன. பத்தாம் வகுப்பு என்றால் 6,000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு அல்லது ஐ.டி.ஐ. என்றால் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இரண்டாம் ஆண்டில் இந்தக் கீழ்வரம்பு 10 சதவீதம் உயரும், அதாவது ஐ.டி.ஐ. படித்தவருக்கு 7,700. இந்தத் தொகைகளை 6,800 முதல் 12,300 வரை என்று உயர்த்தும்படி 2025 மே மாதம் மத்திய தொழில்பழகுநர் குழு பரிந்துரைத்தது. அதனால் ஒப்பந்தம் போடும் நாளில் எந்தத் தொகை நடப்பில் இருக்கிறது என்று தளத்தில் பார்த்துக்கொள்வது அவசியம். அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் பணம் வந்துவிட வேண்டும். எத்தனை பீஸ் போட்டாய் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவனுக்கு ஒப்பந்தத்தில் 7,000 என்று இருக்கும், கம்பெனி 5,500 மட்டும் போடும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவதற்கு முன்னால், ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும். தேசிய தொழில்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் சேர்ந்த நிறுவனம் என்றால், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு நேரடியாக அவன் கணக்கிலேயே போடுகிறது. இது கம்பெனி திறந்து கொடுத்த சம்பளக் கணக்குக்கு வராமல், எப்போதோ ஆதாரை இணைத்த பழைய கணக்குக்குப் போயிருக்கலாம். இரண்டையும் கூட்டினால் 7,000 வந்தால் சரி. அரசுப் பங்கே வராத இடத்தில் கம்பெனி 5,500-ஓடு நிறுத்திக்கொண்டால், அது குறைபாடுதான்.

சரி, பதிவே இல்லாத ட்ரெய்னி விஷயத்துக்கு வருவோம். பணம் பெரிதாகப் போவது இங்கேதான். டிப்ளமோ முடித்த ஒரு பெண் மாதம் 9,000 ரூபாய்க்கு ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் பாதுகாப்பு வகுப்பு, அப்புறம் நேராக அசெம்பிளி லைன். பக்கத்தில் நிற்கும் நிரந்தர ஊழியருக்கு என்ன டார்கெட்டோ அதே டார்கெட் இவருக்கும். அந்தத் தொழிலுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியம் அகவிலைப்படியோடு நாளுக்கு 500 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் (உண்மைத் தொகை தொழிலைப் பொறுத்து மாறும்), 26 நாளுக்கு 13,000. மாதம் 4,000 ரூபாய் குறைகிறது. 14 மாதத்தில் 56,000. மாதத்தில் 10 நாள் இரண்டு மணி நேரம் கூடுதலாக நிறுத்தியிருந்தால், மணிக்கு 62.50 ரூபாயின் இரட்டிப்பான 125 வீதம் 20 மணி நேரத்துக்கு 2,500 ரூபாய் தனி. ‘பயிற்சிதானே’ என்று அந்தப் பெண் விட்டுக்கொடுக்கும் பணம் இவ்வளவு.

தான் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. ஒப்பந்தப் பதிவு எண் கேட்டால் தருகிறார்களா? சம்பள ரசீதில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறார்களா? பிடித்திருந்தால் நிறுவனமே உங்களை ஊழியராகக் கணக்குக் காட்டுகிறது, பிறகு ஸ்டைபண்டு என்று சொல்லி ஊதியத்தைக் குறைக்க வழியில்லை. ஆள் எண்ணிக்கையும் பேசும். ஒரு நிறுவனம் தன் மொத்த ஆள் பலத்தில் 15 சதவீதம் வரைதான் அப்ரண்டிஸ் எடுக்கலாம். 200 பேர் வேலை செய்யும் இடத்தில் 30 பேர். அங்கே 100 பேர் ட்ரெய்னி அட்டை மாட்டிக்கொண்டு நின்றால், அத்தனை பேரும் பதிவான அப்ரண்டிஸாக இருக்க முடியாது.

இதிலேயே எதிர்ப்பக்கத் தவறு ஒன்றும் உண்டு. பதிவு எண் இல்லை என்ற ஒரே காரணத்தால் தொழிலாளி ஆகிவிட்டேன் என்று முடிவுகட்டக் கூடாது. தொழில்பழகுநர் சட்டத்தின்படி உண்மையாகவே பயிற்சிக்கு எடுத்து, ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது மட்டும் விடுபட்டிருந்தால், அதனாலேயே அவர் தொழிலாளி ஆகிவிட மாட்டார் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே பயிற்சித் திட்டம் ஏதும் இல்லை, சொல்லித்தர ஆள் இல்லை, தேர்வு இல்லை, முதல் மாதத்திலிருந்தே உற்பத்திதான் என்பதைக் காட்ட வேண்டும். ஷிஃப்ட் அட்டவணை, டார்கெட் பற்றி வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி, வருகைப் பதிவின் படம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவைதான் அங்கே கைகொடுக்கும். வேலையை விட்ட பிறகு குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள், அதனால் மாதாமாதம் சேமித்து வையுங்கள்.

புகாரை மாற்றிக் கொடுத்துவிட்டு அலைபவர்களும் நிறைய. பதிவான அப்ரண்டிஸின் தகராறு தொழில்பழகுநர் ஆலோசகரிடம் போகும். ஐ.டி.ஐ. படித்தவர் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்கலாம். பட்டதாரி, டிப்ளமோக்காரர்களுக்கு சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பயிற்சி வாரியம். ஓவர்டைம் வாங்கினாலும் அங்கேதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆலோசகர் அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸை ஓவர்டைமில் நிறுத்தக் கூடாது. விபத்தில் அடிபட்டால் அப்ரண்டிஸுக்கும் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்று மட்டும் கேட்க முடியாது, ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் தவிர.

பெயரளவு ட்ரெய்னிகள் போக வேண்டியது தொழிலாளர் துறை அலுவலகம். குறைந்த ஊதியத்துக்கான கோரிக்கையை, பணம் சேர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கொடுக்கலாம். முழுதாகக் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது.