முடுக்கத்தை இரண்டாகப் பிரிக்கும்போது எங்கே சறுக்குகிறது

இளங்கலைக் கணிதத்தில் வெக்டர் நுண்கணிதம் படிக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி பழக்கமானது. r(t) என்று ஒரு வளைவரையைக் கொடுத்துவிட்டு ஓரலகுத் தொடுகோட்டு வெக்டர் T, ஓரலகுச் செங்கோட்டு வெக்டர் N, வளைமை κ, தொடுகோட்டு முடுக்கம், செங்கோட்டு முடுக்கம் என்று ஐந்தையும் கேட்பார்கள். சூத்திரங்களை மாணவர்கள் மறப்பதில்லை. விடைத்தாளைத் திருத்தும்போது கண்ணில் படுவது வேறு கோளாறு. எது பாதையின் குணம், எது அதில் போகிறவரின் குணம் என்பதைக் குழப்பிக்கொண்டு, ஒன்றுக்குரிய எண்ணை இன்னொன்றின் இடத்தில் எழுதிவிடுகிறார்கள்.

வேறுபாட்டைப் பார்க்கக் குமரி மாவட்டத்திலேயே நல்ல இரண்டு இடங்கள் இருக்கின்றன. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் சாலையில் 40 மீட்டர் ஆரமுள்ள ஒரு திருப்பத்தில் பஸ் போவதாக வைத்துக்கொள்வோம். ஆரல்வாய்மொழிப் பக்கம் 40 மீட்டர் நீள இறக்கையுள்ள ஒரு காற்றாலை நிமிடத்துக்கு 15 முறை சுற்றுவதாகவும் வைத்துக்கொள்வோம். திருப்பத்தில் பஸ்ஸின் பாதைக்கும் இறக்கை நுனியின் பாதைக்கும் வளைமை ஒன்றேதான்: 1/40, அதாவது மீட்டருக்கு 0.025. ஆனால் பஸ் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 10 மீட்டரில் போனால் அதன் செங்கோட்டு முடுக்கம் 100/40 = 2.5 m/s². நின்றுகொண்டு போகிறவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டிய அளவு அது. இறக்கை நுனியோ வினாடிக்கு ஏறக்குறைய 63 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன் செங்கோட்டு முடுக்கம் 99 m/s²-ஐ நெருங்குகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போலப் பத்து மடங்கு.

வளைமையில் வேகத்துக்கு இடமில்லை. செங்கோட்டு முடுக்கமோ κv². அதில் வேகம் இரண்டு முறை பெருக்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறது. ஓட்டுநர் வேகத்தை ஒன்றரை மடங்காக்கினால் 2.5 என்பது 5.6 ஆகிவிடும், சாலை ஒரு அங்குலம்கூட மாறியிருக்காது. காற்றாலை இன்னொன்றையும் காட்டுகிறது. சுழற்சி சீராக இருக்கும்போது நுனியின் வேகம் மாறுவதில்லை, தொடுகோட்டு முடுக்கம் பூச்சியம். வேகம் மாறவில்லையே, பிறகு முடுக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள், திசைவேகத்துக்குத் திசையும் உண்டு என்பதை அந்தக் கணத்தில் மறந்துவிடுகிறார்கள்.

இனி ஒரு கணக்கைக் கையில் எடுப்போம். எண்கள் அழகாக விழும் வளைவரை இது:

```
r(t)   = (t, t², 2t³/3)
r'(t)  = (1, 2t, 2t²)
r''(t) = (0, 2, 4t)
```

வேகம் |r'| = √(1 + 4t² + 4t⁴). வர்க்கமூலத்துக்குள் இருப்பது ஒரு முழு வர்க்கம். எனவே வேகம் 1 + 2t². இதைக் கவனிக்காமல் வர்க்கமூலத்தை இழுத்துக்கொண்டே போகிறவர்கள் மூன்றாவது வரியில் மூச்சுத்திணறிப் போவார்கள். t = 1 என்ற புள்ளியை எடுத்துக்கொண்டால் வேகம் 3, T = (1, 2, 2)/3, முடுக்கம் a = (0, 2, 4).

முதல் தவறு இந்த இடத்திலேயே நடக்கிறது. தொடுகோட்டு முடுக்கம் என்பது வேகம் மாறும் வீதம் என்று சரியாகவே சொல்லிவிட்டு, a-இன் எண்ணளவான √20-ஐ எழுதுகிறார்கள். முதலில் எண்ணளவு எடுத்துப் பிறகு வகையிடுவதும், முதலில் வகையிட்டுப் பிறகு எண்ணளவு எடுப்பதும் ஒன்றல்ல. வேகம் 1 + 2t²; அதன் வகைக்கெழு 4t; t = 1-இல் 4. இதுதான் தொடுகோட்டு முடுக்கம். √20 ஏறக்குறைய 4.47, அது மொத்த முடுக்கத்தின் அளவு. வேகத்தைத் தனியே வகையிடப் பிடிக்கவில்லை என்றால் a·T என்ற புள்ளிப் பெருக்கம் போதும்: (0 + 4 + 8)/3 = 4.

இதன் ஒட்டுத் தவறு குறியில் இருக்கிறது. தொடுகோட்டு முடுக்கம் எதிர்மறையாக வரலாம். பஸ் பிரேக் போடும்போது அப்படித்தான் வரும். இதே வளைவரையில் t = −1 என்று போட்டால் −4 வரும். கழித்தல் குறியைக் கண்டதும் ஏதோ பிழை என்று நினைத்து அழித்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செங்கோட்டு முடுக்கம் மட்டுமே ஒருபோதும் எதிர்மறையாகாது. N எப்போதும் திருப்பத்தின் உட்பக்கம் பார்ப்பதால், அதன் திசையில் இருக்கும் கூறுக்குக் கழித்தல் குறி வர வழியில்லை. பஸ்ஸுக்குள் இருப்பவர் வெளிப்பக்கம் சாய்கிறாரே என்று N-ஐ வெளியே திருப்பி வரைவதும் உண்டு. சாய்வது உடல், முடுக்கம் உள்நோக்கித்தான்.

இரண்டாவது தவறுதான் அதிக மதிப்பெண்ணைத் தின்கிறது. திருவட்டாரிலிருந்து வரும் ஒரு மாணவி, T என்பது r'-ஐ அதன் எண்ணளவால் வகுத்தது என்றால் N என்பது r''-ஐ அதன் எண்ணளவால் வகுத்ததுதானே சார் என்று கேட்டாள். "இல்லை மக்களே, அந்த இரண்டையும் புள்ளிப் பெருக்கிப் பார்" என்றேன். அவள் N என்று எழுதியிருந்தது (0, 1, 2)/√5. T-உடன் பெருக்கினால் 6/(3√5), அதாவது 0.89. செங்குத்தாக இருந்தால் பூச்சியம் வந்திருக்க வேண்டும். அவள் வரைந்த வெக்டர் தொடுகோட்டிலிருந்து 27 பாகைதான் விலகியிருந்தது. காரணம் எளிது: r'' என்பது மொத்த முடுக்கம், அதற்குள் வேகம் கூடுவதால் வரும் பகுதியும் கலந்திருக்கிறது. வேகம் மாறாத இயக்கத்தில் மட்டும் அவள் வழி சரியாக வரும். பாடப்புத்தகத்தின் முதல் எடுத்துக்காட்டு பெரும்பாலும் சீரான வேகத்தில் சுற்றும் திருகுசுருளாக இருப்பதால், அங்கே சரியாக வந்தது எங்கும் வரும் என்ற எண்ணம் மனதில் ஊன்றிவிடுகிறது.

வரையறைப்படி N = T'/|T'|. அந்த வழியில் போகிறவர்கள் t = 1 என்று போட்டுக் கிடைத்த (1, 2, 2)/3-ஐ வகையிட முயன்று பூச்சியத்தைப் பெறுவது உண்டு. மாறிலியை வகையிட்டால் வேறென்ன கிடைக்கும்? T-ஐப் பொதுவான t-இல் வைத்துக்கொண்டே வகையிட வேண்டும். புள்ளியைக் கடைசியில்தான் போட வேண்டும். அப்படிச் செய்தால் T'(1) = (−4, −2, 4)/9 என்றும், N = (−2, −1, 2)/3 என்றும் வரும்.

ஆனால் ஒரு புள்ளியில் மட்டும் N கேட்டால் அவ்வளவு பாடு தேவையில்லை என்பது என் கருத்து. மொத்த முடுக்கத்திலிருந்து தொடுகோட்டுப் பகுதியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது செங்கோட்டுப் பகுதிதான்:

```
a − 4T = (0, 2, 4) − (4, 8, 8)/3 = (−4, −2, 4)/3
```

இதன் எண்ணளவு 6/3 = 2. அதுவே செங்கோட்டு முடுக்கம். அந்த வெக்டரை 2-ஆல் வகுத்தால் அதே (−2, −1, 2)/3. பின்ன வகைக்கெழு எதுவும் இல்லாமல் இரண்டு விடைகளும் ஒரே வரியில் கிடைத்துவிட்டன. சரிபார்ப்பும் கையோடு இருக்கிறது: 4² + 2² = 20, |a|²-உம் 20.

மூன்றாவது, வளைமையில் வரும் தவறு. |T'(1)| = 6/9 = 2/3; அதையே κ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். வளைமை என்பது பாதையில் ஒரு மீட்டர் நகர்ந்தால் T எவ்வளவு திரும்புகிறது என்பது. |T'| சொல்வதோ ஒரு வினாடியில் எவ்வளவு திரும்புகிறது என்பதை. ஒரு வினாடியில் 3 மீட்டர் போகிறோம்; எனவே 3-ஆல் வகுக்க வேண்டும்: κ = 2/9. குறுக்குப் பெருக்கல் சூத்திரமும் இதையே தரும். r' × r'' = (4, −4, 2), அதன் எண்ணளவு 6, வேகத்தின் மும்மடி 27, 6/27 = 2/9. இந்தச் சூத்திரத்தின் பகுதியில் மும்மடிக்குப் பதில் ஒருமடியைப் போட்டால் கிடைக்கும் 2 செங்கோட்டு முடுக்கம், κ அல்ல. இரண்டு சூத்திரங்களும் அடுக்கில் மட்டுமே வேறுபடுவதால் மாற்றிப் போடுவது எளிது.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. அதே பாதையில் இரண்டு மடங்கு வேகமாகப் போவதாக, t-க்குப் பதில் 2u என்று போட்டுப் பாருங்கள். அதே புள்ளியில் வேகம் 6 ஆகும், தொடுகோட்டு முடுக்கம் 16, செங்கோட்டு முடுக்கம் 8. κ மட்டும் 8/36, மறுபடியும் 2/9. நீங்கள் எழுதிய வளைமை இந்தச் சோதனையில் மாறினால் அது வளைமையே அல்ல.

கடைசியாக, கேட்ட ஐந்தில் சில இல்லாமலே போகும் புள்ளிகள். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நேராக நடக்கிறவருக்கு N எந்தப் பக்கம்? மேலேயா, பரளியாற்றின் பக்கமா? எந்தப் பக்கமும் இல்லை. T திரும்பவே இல்லை, T' பூச்சியம், 0-ஐ 0-ஆல் வகுத்து N-ஐப் பெற முடியாது. அவர் நடையைக் கூட்டினால் தொடுகோட்டு முடுக்கம் இருக்கும், அவ்வளவுதான். (t, t³, 0) என்ற வளைவரையில் t = 0-இலும் இதே நிலை. அதற்கு முன் N ஒரு பக்கம் பார்க்கிறது, அதைத் தாண்டியதும் எதிர்ப்பக்கம் பார்க்கிறது. இடம் வலமாக அடுத்தடுத்துத் திரும்பும் சாலையில் நடப்பதும் அதுவே. அந்தப் புள்ளியில் κ = 0, N வரையறுக்கப்படவில்லை என்று எழுதினால் அதுதான் முழு விடை.

வேகமே பூச்சியமாகும் புள்ளி இன்னும் வம்பு பிடித்தது. (t², t³, 0)-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். t = 0-இல் r' பூச்சியம், T வரையறுக்கப்படவில்லை. பாதை அங்கே கூர்முனையாக நின்று, வந்த திசைக்கு நேர் எதிராகத் திரும்புகிறது. மற்ற இடங்களில் κ = 6/(|t|(4 + 9t²)^(3/2)); t பூச்சியத்தை நெருங்க இது எல்லையின்றி வளர்கிறது. வளைமை இப்படி ஏறுவதைப் பார்த்துவிட்டுச் செங்கோட்டு முடுக்கமும் முடிவிலி என்று எழுதிவிடுகிறார்கள். κ-வை v²-ஆல் பெருக்கிப் பார்த்தால் 6|t|/√(4 + 9t²) வருகிறது. அது பூச்சியத்துக்கே போகிறது, ஏனென்றால் வளைமை ஏறுவதைவிட v² விரைவாக இறங்குகிறது.